‘கேன்சல் பண்ணிட்டு வாங்க’ என்றால் ஏறாதீர்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, திருச்சியிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு எழும்பூரில் இறங்கினேன். மணி பத்து நாற்பது. வெளியே நல்ல மழை. வேளச்சேரி போக வேண்டும், சுமார் 13 கிலோமீட்டர். போனில் மூன்று ஆப் வைத்திருக்கிறேன். மூன்றிலும் ஆட்டோ பார்த்தேன். முதலாவது 231, இரண்டாவது 204, மூன்றாவது 176. எதை அமுக்கியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு நிமிடத்தில் ஆட்டோ கிடைத்தது. உடனே டிரைவரிடமிருந்து போன்.

“அக்கா, எவ்ளோ காட்டுது?”

“176.”

“மழைல அது கட்டாதுக்கா. கேன்சல் பண்ணிடுங்க, இருநூத்தம்பது குடுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்.”

அம்மாவுக்கு முழங்கால் வலி, நின்றுகொண்டே இருந்தார். சரி என்று கேன்சல் செய்தேன். காரணம் கேட்டபோது, ‘திட்டம் மாறிவிட்டது’ என்று இருந்ததைத் தட்டினேன். நான் செய்த முதல் தப்பு கேன்சல், இரண்டாவது இந்தப் பொய்க் காரணம்.

வண்டி நகர்ந்து இரண்டு நிமிடத்தில் என் கணவர் கூப்பிட்டார். “லிங்க் நின்னுபோச்சே, வண்டி ஏறலையா?” புக் செய்ததும் பயணத்தைப் பின்தொடரும் லிங்கை அவருக்கு அனுப்பியிருந்தேன். கேன்சல் செய்த நொடியே அது செத்துவிட்டது. ஏறிட்டோம், வந்துடுவோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சின்னமலை தாண்டியதும் வண்டி ஓரம் கட்டியது. “வேளச்சேரில தண்ணி நிக்குதுக்கா, சுத்திப் போவணும். முன்னூத்தம்பது ஆவும்.” நடுவழி, மழை, வயதான அம்மா. ஒத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் ஜிபே செய்யப் போனால் “சிக்னல் இல்லக்கா, கேஷ் குடுங்க” என்றார். கொடுத்தேன். பெட்டியை இறக்கினோம், அம்மாவை இறக்கினோம், வண்டி போய்விட்டது. சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த மஞ்சள் துணிப்பை அதோடு போய்விட்டது. பையில் அம்மாவின் மாத்திரைகளும், மழையில் நனையக் கூடாது என்று கழற்றி வைத்த காது மெஷினும் இருந்தன. மெஷின் மட்டும் 32,000 ரூபாய்.

இந்தப் பதிவை எழுதக் காரணம் 350 ரூபாய் இல்லை. அதற்குப் பிறகு நடந்தவைதான்.

முதலில் அவர் கூப்பிட்ட நம்பருக்குப் போன் போட்டேன். இந்த எண் எந்தப் பயணத்துடனும் இணைக்கப்படவில்லை என்று ஒரு குரல் சொன்னது. ஆப் வழியாக வரும் அழைப்பில் நமக்குத் தெரிவது டிரைவரின் சொந்த நம்பர் இல்லை, இரண்டு பேரையும் இணைத்துவிடும் ஒரு இடைநம்பர். நம் நம்பர் அவருக்குப் போகக் கூடாது, அவருடையது நமக்கு வரக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயணம் முடிந்தோ கேன்சலாகியோ கொஞ்ச நேரத்தில் அந்த இணைப்பு அறுந்துவிடும். என் போனில் பதிவாகியிருந்தது யாருடைய நம்பரும் இல்லை.

அடுத்து ஆப்பில் புகார். தொலைந்த பொருளுக்கான பக்கம் முடிந்த பயணங்களை மட்டுமே காட்டியது. கேன்சலான புக்கிங்கைத் திறந்தால் தேதியும் ஏறும் இடமும் மட்டும் இருந்தன, வண்டி நம்பர் இல்லை. சாட்டில் எழுதினேன். ‘வாடிக்கையாளர் ரத்து செய்ததால் பயணம் நடைபெறவில்லை’ என்று பதில். டிரைவர் சொல்லித்தான் ரத்து செய்தேன் என்றேன். நான் தட்டிய காரணத்தை எனக்கே எடுத்துக் காட்டினார்கள்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷன். எழுதிக் கொடுத்தேன், சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஏட்டு நல்ல மனுஷர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “வண்டி நம்பர் என்னம்மா?” ஏறும்போது பார்த்தேன், ஆப்பில் வந்திருந்த நம்பரும் இதுவும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டும் பார்த்தேன். ஆனால் குறித்து வைக்கவில்லை. ஆப்பில் இருக்கும்தானே என்ற நினைப்பு. ஜிபே செய்திருந்தாலாவது ஒரு பெயர் கிடைத்திருக்கும்.

ஆக, ஓடிபி, லிங்க், எஸ்ஓஎஸ் பொத்தான், இடைநம்பர் என்று ஆப்காரர்கள் காட்டும் பாதுகாப்பு எல்லாமே நடப்பில் இருக்கும் ஒரு பயணத்தின் மேல்தான் தொங்குகிறது. பயணத்தை ரத்து செய்துவிட்டால், ரோட்டில் கைகாட்டி நிறுத்திய ஆட்டோவில் போவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் இது இன்னும் மோசம். ஸ்டாண்டு ஆட்டோ என்றால் அந்த ஸ்டாண்டில் போய் விசாரிக்கவாவது முடியும்.

டிரைவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஆட்டோவுக்கு அரசு கட்டணம் வைத்தது 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் என் 13 கிலோமீட்டருக்கு 159 ரூபாய் 40 காசு வருகிறது. அப்போது பெட்ரோல் என்ன விலை, இப்போது என்ன விலை? பொறுத்துப் பார்த்துவிட்டு, 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாங்களாகவே 50 ரூபாய், 18 ரூபாய் என்று ஒரு கட்டணத்தை அறிவித்தன. அது அரசாணை இல்லை. ஆனாலும் அதன்படி போட்டால் 251 ரூபாய் 60 காசு. அவர் முதலில் கேட்ட 250-ஐப் பேராசை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சின்னமலையில் வண்டியை நிறுத்திக் கேட்ட 350-தான் அநியாயம்.

அப்படியானால் 176 என்று காட்டியது யார்? அதைத் தோண்டியபோதுதான் ஆப்களுக்குள் இருக்கும் முக்கியமான வித்தியாசம் புரிந்தது. என் முதல் ஆப் பழைய முறை. ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் எடுத்துக்கொள்ளும், பணத்தையும் ஆப்பிலேயே கட்டலாம். மூன்றாவது சந்தா முறை. டிரைவர் நாளைக்கு இவ்வளவு என்று ஆப்புக்குக் கட்டிவிடுவார், சவாரிக் காசு முழுக்க அவருக்கே. டிரைவருக்கு இது நல்லது, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அந்த முறையில் நம் பணம் ஆப் வழியாகப் போவதே இல்லை. திரையில் வரும் தொகை உத்தேசம்தான் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அதிகம் வாங்கிவிட்டார் என்று புகார் செய்தால், அது உங்களுக்கும் டிரைவருக்கும் உள்ள விஷயம் என்று கையை உதறிவிடுவார்கள். திருப்பிக் கொடுக்க அவர்களிடம் நம் காசு இருந்தால்தானே? குறைத்துக் காட்டினால் அவர்களுக்கு நஷ்டமும் இல்லை. பேரம் பேசும் வேலை டிரைவர் தலையில்.

அதற்குப் பிறகு மூன்று வாரம், ஆபீஸ் போகவர, காட்டிய தொகை ஒரு பத்தி, கொடுத்த தொகை ஒரு பத்தி என்று டைரியில் எழுதினேன். வேளச்சேரியிலிருந்து தி.நகர். மூன்றாவது ஆப் பெரும்பாலும் 140-ஐ ஒட்டிக் காட்டியது, நான் இறங்கும்போது கொடுத்தது 170, 180. முதல் ஆப் 165, 170 காட்டியது, அதையேதான் கொடுத்தேன். வண்டி கிடைக்கத்தான் கூடுதலாக ஐந்து பத்து நிமிடம் ஆனது. காலையில் அவசரம் என்றால் சந்தா ஆப் போடுகிறேன். ராத்திரியோ அம்மாவோடோ போனால் பணத்தை ஆப்பிலேயே கட்டும் முறை மட்டும்தான்.

இப்போது வண்டி உறுதியானதும் டிரைவர் பெயரும் வண்டி நம்பரும் தெரியும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறேன். ‘கேன்சல் பண்ணுங்க’ என்றால், “நீங்களே பண்ணுங்கண்ணா” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். அவருக்கு அது கணக்கில் ஏறும் என்பதால் பாதிப் பேர் பேசாமல் வந்துவிடுகிறார்கள். நானே ரத்து செய்யும்படி ஆகிவிட்டால், ‘டிரைவர் கூடுதல் பணம் கேட்டார்’ என்ற காரணம் எங்கே இருக்கிறது என்று தேடித் தட்டுகிறேன். பட்டியலில் கீழே எங்கோ ஒளிந்திருக்கும். ஓடிபியைப் போனில் சொல்வதே இல்லை, உட்கார்ந்த பிறகுதான். எஸ்ஓஎஸ் பொத்தானை ஒருநாள் நிதானமாகத் திறந்து படித்தேன். ஒரு ஆப்பில் அது 112-க்குப் போகிறது, இன்னொன்றில் கம்பெனியின் கால் சென்டருக்கு. இதை ஆபத்து வரும்போது படித்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த இரவின் சாப்பாட்டுக் கதை சின்னது. வீட்டில் எதுவும் இல்லை. தெருமுனைக் கடையிலிருந்து டெலிவரி ஆப்பில் இரண்டு பொடி தோசை வாங்கினேன். ‘இலவச டெலிவரி’ என்று பச்சை எழுத்து. பில் 308 ரூபாய் 20 காசு. காலையில்தான் பிரித்துப் பார்த்தேன். கடைப் பலகையில் 90 ரூபாய் தோசை ஆப்பில் 115. இரண்டுக்கு 230, பேக்கிங் 20, அதன் மேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி 12.50, பிளாட்பார்ம் கட்டணம் வரியோடு 17.70, மழைக் கட்டணம் 25, நான் கேட்காமலே டிக் ஆகியிருந்த நன்கொடை 3. நேரில் போயிருந்தால் வரியோடு 189. டெலிவரி இலவசம்தான், தோசைதான் பெட்ரோல் போட்டு வந்திருக்கிறது.

விலையைக் கூட்டி வைப்பது கடைக்காரர் கையில் இருக்கிறது. ஆப்புக்குக் கொடுக்கும் கமிஷனை அவர் வேறு எங்கே போய் எடுப்பார்? அதனால் பக்கத்துக் கடைகளின் போன் நம்பரைச் சேமித்துவிட்டேன். பையனை அனுப்பினால் போதும். ஆனால் அந்த மூன்று ரூபாய் வேறு விஷயம். நம்மைக் கேட்காமல் நன்கொடையைக் கூடையில் போடுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகையைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து, பில்லின் படத்தோடு புகார் பதிந்தேன். ஆட்டோ ஆப் மேலும் ஒரு புகார், அதே அழைப்பில்.

மூன்று ரூபாய் நான்காவது நாள் வந்துவிட்டது, மன்னிப்புக் கடிதத்தோடு. ஆட்டோ புகாரில் கம்பெனியின் பதில் பழைய அதே வரி: பயணம் நடைபெறவில்லை. அம்மா இப்போது டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழும்பூர் பக்கம் ஓட்டும் யார் கண்ணிலாவது மஞ்சள் பை, உள்ளே நீல டப்பாவில் ஒரு காது மெஷின் பட்டால் கமெண்டில் சொல்லுங்கள். யார் எடுத்தார், எங்கே கிடைத்தது என்று ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.