மாடி வீட்டுக்கு பெரிய ஏசியா, மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் பெயின்ட்டா?

கடலூர்ல மேல் மாடில இருக்கவங்க நிறைய பேருக்கு இதே குழப்பம்தான். 10க்கு 12 ரூம், மேல வெறும் 5 இன்ச் கான்கிரீட்னு வச்சுக்கோங்க. மதியம் வாங்குன சூடு கான்கிரீட்ல ஊறி சில மணி நேரம் கழிச்சுதான் கீழ இறங்கும், அதான் ராத்திரி 8 மணிக்கு சீலிங்க தொட்டா சுடுது. உச்சத்துல சுமார் 900 வாட் சூடு வரும், அதாவது கால் டன் ஏசி அதுக்கே போயிடும், கரண்ட்ல மணிக்கு கால் யூனிட்.

செலவு: 1 டன்ன 1.5 ஆக்குனா காசும் போகும், அந்த சூட்டுக்கான கரண்டும் மாசாமாசம் போகும். பெயின்ட் வெயில திருப்பி அனுப்பி அந்த சூட்டையே குறைக்கும், செலவும் மாசாமாசம் இல்ல, சில வருஷத்துக்கு ஒரு தடவதான்.

உழைப்பு: பெயின்ட்ல தூசி, பாசி படிஞ்சா பலன் குறையும், வருஷா வருஷம் கழுவணும், சில வருஷத்துல திரும்ப அடிக்கணும். ஏசிக்கு உப்புக்காத்துதான் எதிரி.

சுகம்: ஏசி காத்த குளுத்தாலும் சீலிங் அனல் தலைமேலயே நிக்கும். அளவுக்கு மீறுன ஏசி, அதுவும் இன்வெர்ட்டர் இல்லாதது, சீக்கிரம் கட் ஆகி ஈரத்த சரியா எடுக்காது, நம்ம ஊர் புழுக்கத்துக்கு அது ரொம்ப கஷ்டம்.

சொந்த வீடா? மொதல்ல பெயின்ட் அடிங்க, அப்புறம் ஏசி அளவ பாருங்க. வாடகைல, ஓனர் மாடிய தொட விடலன்னா இன்வெர்ட்டர் ஏசிதான் வழி.