ஒற்றை ட்ரோன் படத்தில் வயலின் பரப்பு: உயரத்தை நம்பினால் 208 சென்ட், நாடாவை நம்பினால் 220

காவிரிப் படுகை போன்ற சமதள நஞ்சையில், ஐந்து ஏக்கருக்குள் இருக்கும் வயலின் பரப்பைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ட்ரோன் படம் போதும். விதை, உரம், மருந்துத் தெளிப்புக் கூலி, நடவுக் கூலி போன்ற கணக்குகளுக்கு அது தாராளமாக உதவும். ஆனால் ட்ரோன் காட்டும் உயரத்தை அப்படியே சூத்திரத்தில் போட்டால் வரும் விடையை நம்பக் கூடாது. தரையில் ஒரு நீளத்தை அளந்து வைத்து, அதைக் கொண்டு விடையைத் திருத்த வேண்டும். பல பருவங்கள் இந்த முறையைப் பயன்படுத்தியதில் உறுதியாகத் தெரிந்தது இதுதான்.

அடிப்படைக் கணக்கு எளிது. படத்தின் ஒரு பிக்சல் தரையில் எத்தனை சென்டிமீட்டரை அடக்குகிறது என்பதே தரை மாதிரி இடைவெளி, சுருக்கமாக GSD. அதை அறிய கேமராவின் சென்சார் அகலம், லென்ஸின் குவியத் தொலைவு, படத்தின் அகலத்தில் உள்ள பிக்சல் எண்ணிக்கை, தரையிலிருந்து கேமராவின் உயரம் ஆகிய நான்கும் வேண்டும். பலரிடம் இன்னும் பறந்துகொண்டிருக்கும் ஃபாண்டம் 4 ப்ரோவை எடுத்துக்கொள்வோம். அதன் சென்சார் அகலம் 13.2 மி.மீ., குவியத் தொலைவு 8.8 மி.மீ., முழு அகலப் படம் 5472 × 3648 பிக்சல். 100 மீட்டர் உயரத்துக்குக் கணக்கு இப்படி வரும்:

```
GSD = (H × sensor_width) / (focal_length × image_width)
    = (100 × 13.2) / (8.8 × 5472)
    = 0.02741 m
```

அதாவது ஒரு பிக்சல் தரையில் 2.74 செ.மீ. இந்தக் கேமராவில் ஒரு வசதி உண்டு: 13.2-ஐ 8.8-ஆல் வகுத்தால் சரியாக ஒன்றரை. ஆகவே 100 மீட்டர் உயரத்தில் படத்துக்குள் 150 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் அடங்கும். மனக்கணக்காகவே சரிபார்த்துவிடலாம். லென்ஸின் குவியத் தொலைவு என்று விளம்பரத் தாளில் இருக்கும் 24 மி.மீ.யை இங்கே போடக் கூடாது. அது 35 மி.மீ. ஃபிலிமுக்கு இணையான மதிப்பு. அதைப் போட்டால் பரப்பு ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

உயரத்தையும் கேமராவின் சாய்வையும் படத்தின் உள்விவரத்திலிருந்து இந்தக் கட்டளையால் எடுக்கலாம்:

```
exiftool -RelativeAltitude -GimbalPitchDegree -ImageWidth DJI_0042.JPG
```

`GPSAltitude` என்று வருவதை விட்டுவிடுங்கள். அது கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. `RelativeAltitude`தான் வேண்டும். ஆனால் பிழை நுழைவதும் அதன் வழியாகத்தான். அது வயலிலிருந்து உள்ள உயரம் அன்று, ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரம். வயலைவிட ஒன்றரை மீட்டர் மேடான சாலையில் வைத்துக் கிளப்பினால் அந்த ஒன்றரை மீட்டர் கணக்கில் வராது. மேலும் அந்த உயரத்தைக் கருவி காற்றழுத்தத்தை வைத்தே கணிக்கிறது. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே 8 மீட்டருக்கு மேல் வித்தியாசம் காட்டும். பறக்கும் நேரத்துக்குள் அதில் சிறு பகுதி மாறினாலும் ஓரிரு மீட்டர் பிசகும். உயரத்தில் 3 சதவீதம் தவறினால் பரப்பில் 6 சதவீதம் தவறும், ஏனென்றால் பிக்சல் அளவு இரண்டு திசையிலும் பெருகுகிறது.

இதற்கு மருந்து 30 மீட்டர் நாடா. நாடாவை வயல் மட்டத்தில் நன்றாக இழுத்துப் பிடித்து, இரு முனையிலும் ஒன்றரை அடிச் சதுர வெள்ளை அட்டை ஒன்றை வைத்து, மேலே சிறு கல் வையுங்கள். அட்டைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சரியாக 30 மீட்டர் இருக்க வேண்டும். முடிந்தால் இதற்குச் செங்குத்தான திசையிலும் இன்னொரு ஜோடி வையுங்கள். அட்டைகளை உயர்ந்த வரப்பின் மேல் வைத்துவிடாதீர்கள். அளக்கப்போவது கீழேயுள்ள வயல்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். ட்ரோன் காட்டும் உயரம் 100 மீட்டர். ImageJ மென்பொருளில் படத்தைத் திறந்து, பலகோணக் கருவியால் வயலைச் சுற்றி வந்து `Analyze > Measure` கொடுத்தால் 1 கோடியே 12 லட்சம் பிக்சல் என்று வருகிறது. சூத்திரத்தின் 2.741 செ.மீ.யை வைத்தால் 8,416 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் இது 208 சென்ட். இப்போது அட்டைகளுக்கு இடையே கோடு இழுத்தால் 1064 பிக்சல் வருகிறது. சூத்திரம் சரியாக இருந்திருந்தால் 1094 வந்திருக்க வேண்டும். 30 மீட்டரை 1064-ஆல் வகுத்தால் உண்மையான பிக்சல் அளவு 2.82 செ.மீ. அப்படியானால் கேமரா வயலுக்கு மேலே ஏறக்குறைய 103 மீட்டரில் இருந்திருக்கிறது. திருத்திய பரப்பு 8,904 சதுர மீட்டர், அதாவது 220 சென்ட். தஞ்சைப் பக்கத்து அளவில் ஆறரை மாவுக்குச் சற்று மேல். மூன்று மீட்டர் உயர வித்தியாசம் 12 சென்டை விழுங்கிவிட்டது.

நாடா முறைக்கு இன்னொரு பலமும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிய படமானாலும் அட்டைகளும் வயலும் ஒரே விகிதத்தில்தான் சுருங்கியிருக்கும், கணக்கு கெடாது. சூத்திரத்தில் 5472 என்று போட்டவர் அங்கே ஏமாந்துபோவார்.

நாடா சரிசெய்யாதது கேமராவின் சாய்வு. `GimbalPitchDegree` −90-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 5 டிகிரி சாய்ந்தாலே இந்தக் கேமராவில் படத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பிக்சல் அளவில் சுமார் 9 சதவீதம் வேறுபடும். இரண்டு ஜோடி அட்டைகள், படத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக இருந்து, வெவ்வேறு அளவு காட்டினால் சாய்வையோ நிலத்தின் மேடுபள்ளத்தையோ சந்தேகியுங்கள். அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு வேறு எடுப்பதே நல்லது. வயலைப் படத்தின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் கொஞ்சம் இடம் விடுவதும் அவசியம்.

அடுத்தது வரப்பு. எங்கே சொடுக்குகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன வயலின் சுற்றளவு சுமார் 380 மீட்டர் என்று கொண்டால், இரண்டடி வரப்பின் நடுவில் சொடுக்குவதற்கும் உள்விளிம்பில் சொடுக்குவதற்கும் இடையே கிட்டத்தட்ட 3 சென்ட் வித்தியாசம். கை நடுங்கி ஓரிரு பிக்சல் விலகுவது இருபக்கமும் விழுந்து சரியாகிவிடும். ஒரே பக்கமாகத் தள்ளிச் சொடுக்குவது சரியாகாது. விதைக்கும் மருந்துக்கும் உள்விளிம்புதான் சரி. குத்தகைப் பேச்சுக்குப் பெரும்பாலும் வரப்பின் நடு.

வரப்பில் தென்னை இருந்தால் தலையைப் பார்த்து எல்லை போடாதீர்கள். 100 மீட்டர் உயரப் படத்தில், நடுப்புள்ளியிலிருந்து 60 மீட்டர் தள்ளி நிற்கும் 15 மீட்டர் மரத்தின் உச்சி, வெளிப்புறமாக 10 மீட்டருக்கு மேல் சாய்ந்து தெரியும். மரத்தின் அடியைத் தேடிச் சொடுக்க வேண்டும். நிழலும் அந்த அடியிலிருந்துதான் தொடங்கும்.

120 மீட்டருக்கு மேல் பறக்க இந்தியாவின் பச்சை மண்டலத்திலும் தனி அனுமதி வேண்டும். அந்த உயரத்தில் இந்தக் கேமரா 180 × 120 மீட்டரை அடக்கும், மொத்தம் 5.3 ஏக்கர். அதற்கு மேற்பட்ட நிலத்துக்கும், மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களுக்கும் ஒற்றைப் படம் ஒத்துவராது. படங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்து WebODM போன்ற மென்பொருளில் தைத்துத்தான் அளக்க வேண்டும். பட்டாவில் உள்ள ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கோடு மோதும் எல்லைத் தகராறுக்கு இரண்டு முறையுமே செல்லாது. அதற்குப் புலப்படத்தோடு சர்வேயர் வந்து கல் காட்ட வேண்டும்.