பேன் காட்சியில் படம் ஏன் தத்துகிறது: எதை நிறுத்துவது, எதை எவ்வளவு வைப்பது

ஓஎல்இடி தொலைக்காட்சிக்கு மாறிய முதல் வாரத்தில், ஒரு மரவேலியின் குறுக்கே கேமரா மெதுவாகத் திரும்பும் ‘பேன்’ காட்சியைப் பார்த்தபோது, வேலிக் கம்பங்கள் வழுக்கிச் செல்லாமல் நின்று நின்று தாவுவதைக் கண்டு திரையில்தான் பழுது என்று நினைத்தேன். உண்மையில் அங்கே இருந்தவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தால் எதுவும் சரியாகாது.

முதலாவது, கணக்கு ஒத்துப்போகாதது. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம். தொலைக்காட்சியோடு இணைக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டி அனுப்புவதோ பெரும்பாலும் நொடிக்கு 60. 60 என்பது 24 ஆல் மீதியின்றி வகுபடாததால், ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக மாறி மாறிக் காட்டப்படுகிறது: ஒன்று 50 மில்லிநொடி நிற்கிறது, அடுத்தது 33 மில்லிநொடிதான் நிற்கிறது. பேன் காட்சி நொண்டுவது இதனால்தான். பெட்டியில் “Match Frame Rate” என்பதையோ அதற்கு நிகரானதையோ இயக்கிவிட்டால், 120 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு ஃபிரேமையும் சரியாக ஐந்து முறை காட்டும், நொண்டல் போய்விடும். படத்தின் தோற்றம் சிறிதும் மாறாது என்பதால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது கோளாறு அதற்குப் பிறகும் நிற்கும். காட்சியில் உள்ள ஒரு பொருள் திரையின் அகலத்தைக் கடக்க ஏழு நொடியாவது ஆகும்படி கேமராவைத் திருப்ப வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய விதி. 3840 பிக்சல் அகலத் திரையில் அந்த வேகத்தில் கம்பம் ஃபிரேமுக்கு 23 பிக்சல் நகர்கிறது. மூன்றே நொடியில் கடந்தால் 53 பிக்சல். நம் கண் கம்பத்தைச் சீராகத் தொடர்ந்து நகர்கிறது. படமோ 42 மில்லிநொடி அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாகத் தாவுகிறது. எல்சிடி திரையில் ஒரு ஃபிரேம் மெல்ல மங்கி அடுத்தது தோன்றுவதால் இந்தத் தாவல் ஓரளவு மழுங்கும். ஓஎல்இடி நொடிப்பொழுதில் மாறிவிடுவதால் அது அப்பட்டமாகத் தெரிகிறது.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுபவற்றில், ஃபிரேம்களுக்கு இடையே கறுப்பைச் செருகும் அமைப்பை நான் விரைவில் கைவிட்டேன். வெளிச்சம் வெகுவாகக் குறைவதோடு, ஒரே ஃபிரேம் பலமுறை மினுங்குவதால் கம்பத்தின் விளிம்பு இரண்டாகத் தெரிகிறது. மீதமிருப்பவை, அசைவை மென்மையாக்கும் வசதியை முற்றிலும் நிறுத்துவது, முழுமையாக வைப்பது, சிறிதளவு வைப்பது ஆகிய மூன்றும். நான் சிறிதளவில் நின்றுவிட்டேன்: தாவலைத் தணிக்கும் “De-Judder” பத்தில் மூன்று, மங்கலைக் குறைக்கும் “De-Blur” பூஜ்யம்.

இந்த முடிவைத் தீர்மானித்தது, செயற்கை ஃபிரேம் எங்கே உடைகிறது என்பதுதான். தொலைக்காட்சி இரண்டு ஃபிரேம்களை ஒப்பிட்டு, எது எங்கே நகர்ந்தது என்று ஊகித்து, இடைப்பட்ட படத்தைத் தானே வரைகிறது. அதே வேலியை எடுத்துக்கொள்வோம். கம்பங்கள் 80 பிக்சல் இடைவெளியில் இருக்க, தாவல் 53 பிக்சல் என்றால், கம்பம் முன்னோக்கி 53 பிக்சல் போனதா, அல்லது அடுத்த கம்பம் பின்னோக்கி 27 பிக்சல் வந்ததா என்பது கம்பங்களை மட்டும் பார்த்தால் பிரித்தறிய முடியாதது. ஊகம் தவறும் இடத்தில் வேலி கிழிந்து நெளிகிறது. அந்த வேலிக்கு முன்னால் ஒருவர் நடந்தால் சிக்கல் இன்னும் கூடும். அவர் விலகியதும் வெளிப்படும் பகுதி முந்தைய ஃபிரேமில் இல்லவே இல்லை என்பதால், தோளைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற கலங்கல் எழுகிறது. அளவைக் கூட்டக் கூட்ட இந்தக் கலங்கலும் கூடுகிறது. அதோடு நாடகத் தொடர் போன்ற வழவழப்பும் சேர்ந்துகொள்கிறது. குறைந்த அளவில் வைத்தால் தாவலின் கூர்மை மட்டும் தணிகிறது, உதறலில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. அந்தப் பங்கு எனக்குச் சம்மதமே. முற்றிலும் நிறுத்தி வைப்பவர்களின் வாதமும் நியாயமானது. எல்சிடி திரையில் நானும் அப்படியே விட்டிருப்பேன் என்று தோன்றுகிறது, ஆனால் அதில் என் அனுபவம் சில மாலைகளுக்கு மேல் இல்லை.

எண்கள் எல்லா நிறுவனங்களிலும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. ஆகவே, ஒருவர் பின்னணியைக் கடந்து நடக்கும் பேன் காட்சி ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பின்னணியை விட்டுவிட்டு அவருடைய தோள் விளிம்பை மட்டும் கவனியுங்கள். ஒன்றிலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டே போய், விளிம்பு கலங்கத் தொடங்கும் எண்ணுக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள்.