ஷியா பட்டர் க்ரீம் என்று கொடுத்தார்கள், முகம் வெடித்தது: குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க

குளிர் நாட்டுக்குக் குடிவந்த மூன்றாவது வாரத்திலேயே முகம் கழுவித் துடைத்தால் தோல் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. பல வருடமாகப் பூசிவந்த லேசான லோஷன், அரை மணி நேரத்தில் பூசாத மாதிரி ஆகிவிடும். கனமான க்ரீம் வேண்டும் என்று புரிந்தது. அழகுப்பொருள் கடை ஒன்றில் கேட்டேன். அங்கிருந்த ஆலோசகர் மூன்று பொருள்களை எடுத்து வைத்தார்: 'ஷியா பட்டர் நிறைந்த குளிர்கால க்ரீம்', நன்றாக நுரைக்கும் ஃபேஸ்வாஷ், உரிகிற தோலை நீக்க ஒரு ஸ்க்ரப். ஷியா பட்டர் என்பது ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கெட்டியான கொழுப்பு. விலை அதிகம்தான். தோலுக்காகத்தானே என்று வாங்கிவிட்டேன்.

பத்து நாளில் கன்னத்தில் சிவப்புத் திட்டுகள், மூக்கோரத்தில் வெடிப்பு. க்ரீம் பூசினாலே எரிந்தது. 'தோல் பழகும்வரை அப்படித்தான் இருக்கும், ஸ்க்ரப்பை விடாதீர்கள்' என்று அதே ஆலோசகர் சொன்னார். என்னை அதிகம் பாதித்தது அந்தப் பேச்சுதான். மாய்ஸ்சரைசர் பூசி எரிந்தால், தோலின் மேலடுக்கு ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கலாம், அல்லது அந்தப் பொருளே ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இரண்டிலும் தேய்ப்பதை நிறுத்த வேண்டும். நான் இன்னும் ஒரு வாரம் தேய்த்தேன்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினார். சேர்மானங்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் எழுதுவார்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். என் க்ரீமில் முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின், மூன்றாவதாக 'ஆல்கஹால் டினாட்'. இது சட்டென்று ஆவியாகி, பிசுபிசுப்பில்லாத உணர்வு தருகிற சாராயம். காய்ந்த தோலை இன்னும் காயவைக்கும். (சீட்டைல், சீட்டரைல் என்று தொடங்கும் ஆல்கஹால்கள் வேறு வகை. அவை கொழுப்பு சார்ந்தவை, பயப்பட வேண்டாம்.) ஷியா பட்டர் எங்கே என்று தேடினால், 'பியூட்டிரோஸ்பெர்மம் பார்க்கி' என்ற பெயரில் கடைசி வரியில், ஃபீனாக்சிஎத்தனாலுக்கும் பின்னால் இருந்தது. ஃபீனாக்சிஎத்தனால் கெடாமல் காக்கும் பொருள். ஐரோப்பிய விதிப்படி அது ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் அதற்குப் பின்னால் வரும் ஷியா பட்டரும் அதிகபட்சம் அவ்வளவுதான். முன்பக்கத்தில் அத்தனை பெரிய எழுத்து, உள்ளே ஒரு சொட்டு! தோலிலேயே இருக்கும் கொழுப்பு வகையான செராமைடு போன்றவை மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும் என்பதால் அவை பட்டியலின் கீழே இருந்தால் குறையில்லை. வெண்ணெயும் எண்ணெயும் அப்படியில்லை, அவை மேலே இருக்க வேண்டும்.

வெளியே பனி கொட்டும்போது வீட்டுக்குள் எப்படி இவ்வளவு வறட்சி என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பூஜ்ஜியம் டிகிரி காற்று ஒரு கனமீட்டருக்குச் சுமார் 5 கிராம் நீராவிதான் தாங்கும். அதே காற்றை ஹீட்டர் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்கு 17 கிராம் கொள்ளளவு வந்துவிடுகிறது, நீரோ அதே 5 கிராம்தான். ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அந்தக் காற்று தோலிலிருந்து நீரை இழுக்கும். அதனால் கிளிசரின் மாதிரி நீரைப் பிடித்துவைக்கும் பொருள் மட்டும் போதாது, அந்த நீர் ஓடாமல் மேலே மூடவும் ஒன்று வேண்டும். பெட்ரோலேட்டம், அதாவது சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி, இதில் மிக நன்றாக வேலை செய்யும், விலையும் மலிவு.

மருத்துவர் முதலில் மாற்றியது க்ரீமை அல்ல, ஃபேஸ்வாஷை. நுரைக்காக அதில் சேர்த்திருந்த சோடியம் லாரில் சல்ஃபேட் அழுக்கோடு தோலின் சொந்தக் கொழுப்பையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதற்குப் பதில் நுரைக்காத, வாசனை சேர்க்காத க்ரீம் கிளென்சர், அதுவும் இரவில் ஒருமுறை மட்டும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஸ்க்ரப் குப்பைக்குப் போனது. முகத்தைத் துண்டால் ஒற்றி, ஈரம் முழுதும் காயும் முன் கெட்டியான க்ரீமைப் பூசி, வெடித்த இடங்களில் மட்டும் மேலே மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவச் சொன்னார். எரிச்சல் நான்கு நாளில் நின்றது, சிவப்பு போக மூன்று வாரம் ஆனது. முகப்பரு வருகிற தோல் என்றால் ஜெல்லியை முகம் முழுக்கப் பூசிவிடாதீர்கள்.

கடையில் பணம் திரும்பவில்லை. டப்பாவைத் திறந்துவிட்டேனாம். இப்போதெல்லாம் டப்பாவைத் திருப்பி, மூன்றாவது நான்காவது பெயர் வரைக்குமாவது படித்துவிட்டுத்தான் எதையும் வாங்குகிறேன்.