அயல்நாட்டு வாடிக்கையாளரின் பணம்: பேபால், வங்கிக் கம்பி, உள்ளூர்க் கணக்கு எண்

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க நிறுவனங்களுக்கு இணையதளப் பணி செய்து வருகிறேன். ஊதியம் டாலரில் வருகிறது. அதைப் பெறுவதற்கு மூன்று வழிகளையும் பயன்படுத்தி, இப்போது ஒன்றில் நிலைத்திருக்கிறேன். அது எந்த வழி, எந்தத் தொகை வரைக்கும் அது சரிப்படும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

மூன்றையும் ஒரே கணக்கில் நிறுத்திப் பார்ப்போம். வாடிக்கையாளருக்கு நான் அனுப்பும் கட்டணப் பட்டியலின் தொகை 1,000 டாலர். அன்றைய சந்தை விலை டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைசாவும் குறையாமல் வந்தால் 85,000 ரூபாய் கிடைக்க வேண்டும்.

பேபாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்கு அது எளிது. புதியவர் ஒருவர் முன்பணம் அனுப்ப வேறு வழி அறியாதபோது அதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் வணிகப் பணத்துக்கு 4.4 விழுக்காடும் அதற்குமேல் 30 சென்டும் போய்விடுகின்றன. மீதமுள்ள 955.70 டாலர், சந்தை விலையைவிடச் சுமார் 3 விழுக்காடு குறைவான விலையில் ரூபாயாகிறது என்று கொண்டால், கணக்கில் விழுவது ஏறத்தாழ 78,800 ரூபாய். ஆறாயிரத்துக்கும் மேல் வழியிலேயே கரைந்துவிடுகிறது.

இரண்டாவது, வங்கிக்கு நேரடியாக வரும் ஸ்விஃப்ட் பரிமாற்றம்; தலைப்பில் கம்பி என்றது இதைத்தான். அனுப்பும் வங்கிக்கும் நம் வங்கிக்கும் நடுவில் ஓரிரு இடை வங்கிகள் இருக்கும். மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேருவதைப்போல, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் குறையும். 20 டாலர் குறைந்து 980 வந்தது என்றும், வங்கி 84 ரூபாய் வீதம் மாற்றியது என்றும் கொண்டால் 82,320 ரூபாய். இதில் செலாவணி மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. 148 ரூபாய், ஒரு லட்சம் வரையிலான தொகையில் 1 விழுக்காட்டைச் சேவை மதிப்பாகக் கொண்டு, அதன்மேல் 18 விழுக்காடு வரி போடுகிறார்கள். வங்கியின் உள்வரவுக் கட்டணம் வரியோடு 236 ரூபாய் என்றால், கையில் நிற்பது 81,936.

இடையில் எவ்வளவு போனது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் செய்தியின் நகலை MT103 வடிவில் வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கினால், அதில் 33B என்ற வரியில் அனுப்பச் சொன்ன தொகையும், 32A என்ற வரியில் தீர்த்த தொகையும், 71F வரியில் பிடித்த கட்டணமும் இருக்கும். 71A வரியில் SHA என்றிருந்தால் கட்டணத்தை இருவரும் பங்கிடுகிறார்கள் என்றும், OUR என்றிருந்தால் அனுப்புபவர் ஏற்கிறார் என்றும் பொருள். OUR என்று குறித்தும் தொகை குறைந்து வருவதுண்டு. அப்போது வாதிடுவதற்கு இந்த நகல்தான் சான்று.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இல்லை. டெல்டாவின் சிறிய ஊர்க் கிளைகள் பலவற்றில் அந்நியச் செலாவணி மேசை கிடையாது. பணம் வங்கியின் மையப் பிரிவில் நின்றுகொண்டிருக்கும்; பணம் எதற்கு வந்தது என்பதைக் காட்டும் நோக்கக் குறியீட்டையும் பட்டியலையும் கேட்டு அந்தப் பிரிவு மின்னஞ்சல் அனுப்பும். மென்பொருள் ஆலோசனைப் பணிக்கு P0802. அந்த அஞ்சலுக்குப் பதில் போகும் வரை டாலர் டாலராகவே கிடக்கும். விலை நிர்ணயமாவதும் மாற்றும் நாளில்தான். மயிலாடுதுறை நண்பர் ஒருவருக்கு நின்றுபோனது வேறு காரணத்தால்: வங்கிக் கணக்கில் பெயருக்கு முன் ஓர் எழுத்துத் தலைப்பு, பான் அட்டையிலும் பட்டியலிலும் தந்தையின் முழுப்பெயர். நம் ஊர்ப் பெயர் வழக்கம் நமக்கு இயல்பு. சரிபார்க்கும் மையத்துக்கு அது இரு வேறு ஆட்கள். ஆகவே பட்டியலில் பெயரை வங்கிக் கணக்கில் உள்ளபடியே எழுதுவது நல்லது.

மூன்றாவது வழியே நான் தேர்ந்தது. வெளிநாட்டுப் பணத்தைப் பெற்றுத் தரும் இணையச் சேவைகள் நம் பெயருக்கு அமெரிக்காவில் ஒரு பெறும் கணக்கு எண்ணை ஒதுக்குகின்றன; தலைப்பில் உள்ள உள்ளூர்க் கணக்கு எண் இதுதான். வாடிக்கையாளர் உள்ளூரில் பணம் கட்டுவதைப்போல, அமெரிக்க வங்கிகளுக்கிடையே பணம் மாற்றும் ஏ.சி.எச். மூலம் அனுப்புகிறார், சேவை அதை ரூபாயாக்கி நம் வங்கிக்கு அனுப்புகிறது. இடை வங்கி என்பதே இல்லை. சேவைக்குச் சேவை கட்டணம் வேறுபடும்; சந்தை விலையிலேயே மாற்றி, 1 விழுக்காடும் அதன்மேல் வரியும் எடுப்பதாகக் கொண்டால் 1,003 ரூபாய் போய் 83,997 வரும். ஏ.சி.எச். பணம் ஓரிரு வேலை நாளிலிருந்து மூன்று வேலை நாள் வரை எடுக்கும்; அமெரிக்க விடுமுறை குறுக்கிட்டால் கூடும்.

நான் இதில் நிலைத்ததற்குக் கட்டணத்தைவிட மாற்று விலையே காரணம். கட்டணம் என்று எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியும். விலையில் வைக்கும் இடைவெளி எந்த ரசீதிலும் கட்டணமாகத் தோன்றாது. மேலே வங்கி 85க்குப் பதில் 84 கொடுத்ததே, அந்த ஒரு ரூபாய் மட்டும் 1.18 விழுக்காடு. மூன்றாவது வழியின் கட்டணமும் வரியும் சேர்ந்த மொத்தமும் அதே அளவுதான். அதனால் வங்கி அந்த விலையையே தந்துகொண்டிருக்கும்வரை, தொகை எவ்வளவு பெரிதானாலும் கம்பி இதை வெல்லாது. இடை வங்கியின் கழிவு அதற்குமேல் எப்போதும் நிற்கும். எந்தச் சேவையையும் எடைபோட ஒரே கேள்வி போதும்: கணக்கில் விழுந்த ரூபாயைப் பட்டியலில் இருந்த டாலரால் வகுத்தால் என்ன வருகிறது? பேபாலில் 78.80, கம்பியில் 81.94, மூன்றாவதில் 84.00. ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் இடங்களில் இந்த வகுத்தலைத் தவறாமல் செய்து பார்க்க வேண்டும்.

வங்கியிடம் விலை பேச முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாதந்தோறும் வரவு உள்ளவர் கேட்டால், இடைவெளியைக் குறைக்க மேலாளர் மையப் பிரிவுக்கு எழுதுவதுண்டு. அது 40 பைசாவுக்கு இறங்கினால் கணக்கு மாறுகிறது. அதே கழிவுகளோடு 4,000 டாலருக்கு வங்கியில் சுமார் 3,920 ரூபாயும், மூன்றாவது வழியில் 4,012 ரூபாயும் போகின்றன. அதற்குமேல் தொகை ஏற ஏறக் கம்பியே மலிவு. சிறு பட்டியல்களாக அனுப்பாமல் இரண்டு மாதத்ததைச் சேர்த்து அனுப்பச் சொல்பவர்களுக்கு இது பொருந்தும். என் பட்டியல்கள் அந்த எல்லைக்குக் கீழே இருப்பவை.

மூன்றாவது வழியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் கடைசியாக இந்திய வங்கி ஒன்றிலிருந்து ரூபாயாக வருவதால், கணக்குப் புத்தகத்தில் அது உள்ளூர் வரவைப்போலவே தெரியும். ஜி.எஸ்.டி. பதிவு செய்து, சேவை ஏற்றுமதி என்று வரியின்றிக் காட்டுபவர், அது அந்நியச் செலாவணியில் வந்தது என்பதற்கான உள்வரவுச் சான்றை ஒவ்வொரு வரவுக்கும் வாங்கிப் பட்டியலோடு கோத்து வைக்க வேண்டும். சேவையில் சேருமுன் இந்தச் சான்று தருவார்களா, இலவசமா, எத்தனை நாளில் என்று கேட்டுக்கொள்வது அவசியம். தராத இடத்தில் மாற்று விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் சேர மாட்டேன்.

இவையெல்லாம் டாலருக்குச் சொன்னவை. யூரோவிலும் பவுண்டிலும் எனக்கு வரவு குறைவு. அங்கே முதல் பட்டியலைச் சிறு தொகைக்கு அனுப்பி, வகுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்வது உத்தமம்.