பதினான்கு மாதங்களாக என் இன்வெர்ட்டர் பேட்டரியை அளக்கும் இஎஸ்பி32: ஆஃப்செட், கெயின் திருத்திய கதை

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு ஒரு 12 வோல்ட் டியூபுலர் பேட்டரி. அதன் மின்னழுத்தத்தைக் கைபேசியில் பார்க்க ரிச்சி தெருவில் ஒரு இஎஸ்பி32 போர்டு வாங்கினேன். பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே 100 கிலோ ஓம், 15 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் கொண்ட பகுப்பி. 15 வோல்ட் வந்தாலும் போர்டின் உள்ளீட்டுப் பின்னில் 2 வோல்ட்டுக்குள்தான் இருக்கும்.

முதல் நாளே ஏமாற்றம். மீட்டரில் 12.6 வோல்ட் காட்டிய பேட்டரியை போர்டு 11.55 என்றது. பலரும் எழுதுவதுபோல நானும் வந்த எண்ணை 3300-ஆல் பெருக்கி 4095-ஆல் வகுத்திருந்தேன். அந்தக் கணக்கு இந்தச் சிப்புக்குப் பொருந்தாது. இதன் உள்ளிருக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தம் பெயரளவில் 1100 மில்லிவோல்ட். ஆனால் சிப்புக்குச் சிப்பு 1000 முதல் 1200 வரை மாறும். அதனால் கெயின், அதாவது எண்ணை மில்லிவோல்ட்டாக்கப் பெருக்க வேண்டிய அளவு, மாறுகிறது. போதாக்குறைக்கு, 11 டெசிபல் அமைப்பில் அடிமட்டத்தில் ஒரு குருட்டுப் பகுதி இருக்கிறது. ஏறக்குறைய 140 மில்லிவோல்ட் வரை என்ன கொடுத்தாலும் எண் 0தான்.

நான் செய்த பெரிய தவறும் இங்கேதான். பின்னை கிரவுண்டில் தொட்டேன், 0 வந்தது. ஆஃப்செட், அதாவது எப்போதும் கூட்ட வேண்டிய நிலையான அளவு, இல்லை என்று நம்பி, மேலே ஒரே ஒரு புள்ளியை வைத்துக் கெயினை மட்டும் திருத்தினேன். பேட்டரி அப்போதும் 12.37 என்றே காட்டியது. ஈய அமில பேட்டரியில் 12.7 நிறைந்த நிலை, 12.2 பாதி நிலை. இந்தக் கால் வோல்ட் பிழையோடு எந்த முடிவும் எடுக்க முடியாது. கிரவுண்டில் வரும் 0 ஆஃப்செட்டைக் காட்டுவதில்லை, மறைக்கிறது. ஆகவே இரண்டு புள்ளிகளுமே நேர்கோட்டுப் பகுதிக்குள், சுமார் 150 முதல் 2450 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

இதற்கு எல்எம்4040 என்ற 2.048 வோல்ட் ரெஃபரன்ஸ் வாங்கினேன். கேட்டு வாங்கும்போது தரத்தையும் சொல்ல வேண்டும்: ஏ தரத்தில் பிழை 0.1 சதவீதம், டி தரத்தில் 1 சதவீதம், அதாவது 20 மில்லிவோல்ட். 3.3 வோல்ட்டிலிருந்து 470 ஓம் வழியாக அதற்கு மின்சாரம் கொடுத்து, அதன் குறுக்கே நான்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்தேன். அடிச் சந்திப்பில் 0.512, நடுவில் 1.024, உச்சியில் 2.048 வோல்ட். ரெசிஸ்டர்கள் 0.1 சதவீத வகையாக இருந்தால் நல்லது.

`GPIO34` பின்னில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து, 64 முறை படித்துச் சராசரி எடுத்தேன். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி இந்தச் சிப்பில் இரண்டு. வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசியின் பின்கள் பயன்படாது என்பதால், முதல் ஏடிசியைச் சேர்ந்த இந்தப் பின். 512 மில்லிவோல்ட்டுக்கு 462 வந்தது, 2048-க்கு 2372. இடைவெளி 1536-ஐ 1910-ஆல் வகுத்தால் கெயின் 0.8042. 462-ஐ அதனால் பெருக்கி 512-லிருந்து கழித்தால் ஆஃப்செட் 140.5.

```cpp
float mv = 0.8042 * raw + 140.5;
```

நடுப்புள்ளியைக் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கென்றே ஒதுக்கியிருந்தேன். 1024 மில்லிவோல்ட்டுக்கு இந்தச் சூத்திரம் 1021 மில்லிவோல்ட் தந்தது. இங்கே பத்து இருபது மில்லிவோல்ட் விலகினால், மறுபடி எண்களைத் திருத்துவதில் பயனில்லை. இணைப்பிலோ ரெஃபரன்ஸிலோதான் கோளாறு. பேட்டரியும் இப்போது 12.6 காட்டியது.

சில வாரங்கள் கழித்து ரெஃபரன்ஸை மீட்டரில் அளந்தபோது 2.09 காட்டியது. ரெஃபரன்ஸ் போலியோ என்று ஒரு நாள் முழுக்கக் கலங்கினேன். குற்றவாளி மீட்டருக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரி. அது இறங்கிவிட்டால் பல மலிவு மீட்டர்கள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். புதிய பேட்டரி போட்டதும் 2.05.

மே மாத வெயிலில் இன்வெர்ட்டர் இருக்கும் மூலை கொதிக்கிறது. அப்போது மூன்று புள்ளிகளையும் மறுபடி அளந்தேன். 4 மில்லிவோல்ட்டுக்கு மேல் எதுவும் நகரவில்லை. பகுப்பி ஏழரை மடங்குக்குச் சற்று அதிகமாகப் பெருக்குவதால், பேட்டரி அளவில் அது 0.03 வோல்ட். எனக்கு இது போதும்.

மழைக்காலத்தில் ஈரம் இறங்கி போர்டு போய்விட்டது. அதே மாதிரி இன்னொன்று வாங்கிப் பழைய எண்களையே ஏற்றினேன். அளவு அரை வோல்ட் தள்ளி நின்றது. புதிய சிப்புக்குக் கெயின் 0.771 என்று வந்தது. இப்போது எண்களைக் குறிப்பேட்டில் மட்டும் எழுதாமல், அந்தந்த போர்டின் முதுகிலேயே ஒட்டுத்தாளில் தேதியோடு எழுதி ஒட்டியிருக்கிறேன்.