இரவில் போட்ட தும்மல் மாத்திரை, காலையில் பிடிக்கும் ஸ்டியரிங்: வேலைக்குப் போகிறவர்களுக்கு எது சரி?

தும்மல் மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பலரும் அதை ராத்திரி போட்டுவிட்டு, காலையில் கவலையில்லாமல் வண்டியை எடுக்கிறார்கள். குளோர்பெனிரமின் மாத்திரையில் அந்தக் கணக்கு உதைக்கிறது.

பெரியவர்களின் உடலில் இந்த மருந்து பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். இரவு 10 மணிக்கு 4 மில்லிகிராம் போடுகிறவர் காலை 7 மணிக்கு வண்டி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஏறக்குறைய முக்கால் பங்கு, அதாவது 3 மில்லிகிராம் அவர் உடலில் இருக்கும். அடுத்த இரவும் அதற்கடுத்த இரவும் போட்டால் பழைய மிச்சத்தின் மேல் புதியது சேரும். மூன்றாம் நாள் காலையில் இருப்பு ஒரு முழு மாத்திரையையே தாண்டிவிடும். சில நாளில் தூக்கக் கலக்கம் பழகிப்போவது உண்டுதான். ஆனால் கலக்கம் தெரியவில்லை என்பதை வைத்து ஓட்டும் திறன் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

இதைக் காட்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவின் அயோவாவில் நடந்து, 2000-இல் வெளிவந்தது. வண்டி ஓட்டுவதைப் போலவே அமைந்த கருவியில் ஒவ்வாமை உள்ளவர்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். பழைய வகை மருந்தான டைபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் எடுத்தபோது அவர்கள் ஓட்டியது, மது குடித்து ஓட்டியதைவிட மோசமாக இருந்தது. புதிய வகை மருந்தான பெக்ஸோபெனடின் எடுத்தபோது அப்படி இல்லை. இன்னொன்றையும் கவனித்தார்கள்: “எனக்குத் தூக்கம் வருகிறது, வரவில்லை” என்று அவர்களே சொன்னதை வைத்து யார் மோசமாக ஓட்டுவார்கள் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை. எனக்கு இதுதான் அதிகம் கவலை தருகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி கண் சொக்கினால் வண்டி 50 மீட்டர் போயிருக்கும். லேன் விட்டு நகர்வது, பிரேக்கைத் தாமதமாக மிதிப்பது, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவது எல்லாம் கொட்டாவிக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

சரி, பகலுக்கு எது?

செட்டிரிசினைத் தூக்கம் தராத மாத்திரை என்று சொல்லித் தருவார்கள். பழையதைவிட நல்லதுதான், ஆனால் முழுக்க அப்படி இல்லை. 10 மில்லிகிராம் எடுத்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத் தூக்கக் கலக்கம் வந்தது; மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 6 சதவீதம். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர் சமாளித்துக்கொள்ளலாம். லாரி ஓட்டுபவருக்கோ இயந்திரத்தில் கை வைப்பவருக்கோ நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். லெவோசெட்டிரிசினும் இதே குடும்பம்தான்.

ஓட்டுநருக்கு என் முதல் தேர்வு பெக்ஸோபெனடின். இது மூளைக்குள் ஏறக்குறைய போவதே இல்லை. உள்ளே நுழைவதை வெளியே தள்ளும் புரதம் ஒன்று மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கிறது. இதில் ஒரு சிக்கல், பழச்சாறோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும். தண்ணீரோடு எடுக்க வேண்டும். அலுமினியம், மெக்னீசியம் உள்ள அசிடிட்டி மருந்துக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விட வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்கலாம். இரண்டாவது தேர்வு லொராடடின் 10 மில்லிகிராம். சொன்ன அளவுக்குள் இருந்தால் கலக்கம் அரிது. கேட்கவில்லையே என்று இரண்டாகப் போட்டால் அந்த நன்மை போய்விடும். எதுவானாலும் முதல் மாத்திரையை வண்டி எடுக்காத நாளில் போட்டுப் பாருங்கள்.

மூக்கடைப்பும் தும்மலும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், மாத்திரையைவிட புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற மூக்கு ஸ்ப்ரே மேல். இதில் தூக்கக் கலக்கமே இல்லை. ஆனால் முழுப் பலன் தெரியச் சில நாள் பிடிக்கும் என்பதால் பலர் இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடித்தால், நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகப் போகும். ரத்தம் கசிவதும் குறையும்.

அப்புறம், இருமல் சிரப்பும் சளிக்கான கூட்டு மாத்திரையும். பாராசிட்டமாலோடு குளோர்பெனிரமினைச் சேர்த்து விற்பார்கள். காய்ச்சல் மாத்திரை என்று நினைத்து அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுபவர் உண்டு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், கோடீன் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஓட்டுபவருக்கானது இல்லை. டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் சிலருக்குக் கலக்கம் தரும். சாதாரண ஜலதோஷத்தின் மூக்கொழுகலுக்குப் பெக்ஸோபெனடின் பெரிதாக உதவாது, அது ஒவ்வாமைக்கான மருந்து. அங்கே உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், காய்ச்சல் இருந்தால் வெறும் பாராசிட்டமாலும் போதும். குளோர்பெனிரமினை ஏற்கெனவே போட்டுவிட்டால், மறுநாள் காபி குடித்துச் சரிக்கட்ட முடியாது. அன்று வேறு யாராவது ஓட்டட்டும்.